மூணே முக்கால்

செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் கொலுசுப் பட்டறை. சாயங்காலம் டியூப்லைட் போட்டதும் பின்சுவருக்குப் பல்லிகள் வந்துவிடும். கயல் எண்ணிக்கொண்டிருந்தாள். நாலாவதன் மேல் பூனை பாய்ந்தது.

பல்லி மீட்டர் பெட்டிக்குப் பின்னால் மறைந்தது. வால் மட்டும் தரையில்.

அது சும்மா கிடக்கவில்லை. வளைந்தது, துள்ளியது, புரண்டு விழுந்தது. பூனை அதையே வெறித்துக்கொண்டு காலால் தட்டியது.

"மாமா, தலையே இல்ல. அப்புறம் யாரு இதை ஆடச் சொல்றாங்க?"

மாமா ஊதுகுழலைக் கீழே வைத்தார். "முதுகுத்தண்டு நரம்பு வால் வரைக்கும் ஓடுது கண்ணு. துள்ளுறதுக்கு மூளையைக் கேட்க வேண்டியதில்ல. அந்தத் துண்டு நரம்பே போதும். தசையில சத்து இருக்கிற வரைக்கும் ஆடும்."

"ரத்தமே காணோமே?"

"உடையறதுக்குன்னே வால் எலும்புல லேசான இடம் இருக்கு. அங்கதான் விடும். உடனே தசை இறுகி ரத்தத்தை அடைச்சிடும்."

அம்மாயி பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்று பலன் வரிசையாக இருந்தது. வால் மட்டும் விழுந்தால்? போடவில்லை. பஞ்சாங்கத்தை மூடிவிட்டாள்.

வாலின் நுனி கடைசியாக ஒருமுறை சுருண்டது.

"புதுசா முளைக்குமா?"

"முளைக்கும். உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு."

மறுநாள் சாயங்காலம் கயல் மறுபடியும் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு மொட்டைவால் மெல்ல எட்டிப் பார்த்தது.

"மூணே முக்கால்," என்றாள்.