பதவி உயர்வு எப்போது? ஐந்து கார்டு ரீடிங், நடுவில் ஹேங்டு மேன்

வணக்கம் அக்கா,

"இந்த ஏப்ரலிலாவது அசிஸ்டென்ட் மேனேஜர் ஆவேனா?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதிய விவரங்களை மனதில் வைத்துத்தான் டாரோ கார்டு எடுத்தேன். கோவையில் பம்ப் கம்பெனி, பர்ச்சேஸ் பிரிவு, 11 வருட சர்வீஸ். மேனேஜர் வேலையை விட்டுப் போனதிலிருந்து 6 வருடமாக நீங்கள்தான் "இன்சார்ஜ்". அவர் பார்த்த வேலை மொத்தமும் உங்கள் தலையில். விசிட்டிங் கார்டில் மட்டும் பழைய பதவி.

நடுவில் வந்தது ஹேங்டு மேன், 12-ம் எண் கார்டு, நேராக. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதில் யாரும் சாகவில்லை. கழுத்தில் கயிறு கிடையாது. ஒற்றைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்குகிறான், அவ்வளவுதான். அனுப்பியிருக்கும் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். தொங்குகிற மரம் பட்டுப்போகவில்லை, இலை விட்டிருக்கிறது. கைகள் முதுகுக்குப் பின்னால். இன்னொரு காலை மடக்கி, ஏதோ திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி குறுக்கே போட்டிருக்கிறான். முகத்தில் வலியே இல்லை. தலையைச் சுற்றி ஒளிவட்டம் வேறு.

இந்தக் கார்டு வந்தால் பெரும்பாலானவர்கள் "பொறுமையாக இருங்கள், நேரம் வரும்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். 11 வருடம் பொறுத்தவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொறுமை உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதனால் நான் வேறொன்றைப் பார்க்கிறேன். இந்தப் படத்தில் கட்டிவிட்டவன் யாரும் இல்லை. காவலாளி இல்லை, வேடிக்கை பார்ப்பவர்களும் இல்லை. இவன் இப்படித் தொங்குவதால் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. அதனால் இறக்கிவிடவும் யாருக்கும் அவசரம் இல்லை.

உங்கள் ஆபீசைத் தலைகீழாக நின்று பார்த்தால் இதுதான் தெரிகிறது. மேனேஜர் சம்பளம் இல்லாமலே மேனேஜர் வேலை நடக்கிறது. காஸ்டிங் விலை ஏறினால் சப்ளையரிடம் பேசுவது நீங்கள், ஆடிட் வந்தால் ஃபைலோடு நிற்பது நீங்கள். இந்த ஏற்பாட்டை மாற்ற அவர்களுக்கு என்ன அவசரம்? உங்கள் வேலையில் குறை இருப்பதால் தள்ளிப்போகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. குறையே இல்லாமல் ஓடுவதால்தான் தள்ளிப்போகிறது. அரசு வேலை என்றால் சீனியாரிட்டி பட்டியல் என்று ஒன்றாவது இருக்கும், நம் பெயர் எத்தனையாவது என்று பார்க்கலாம். உங்களுக்கு அதுவும் இல்லை. "மேலே அப்ரூவலுக்குப் போயிருக்கிறது" என்ற ஒரு வரிதான் வருடா வருடம் கிடைக்கிறது.

இந்தச் சீட்டுக்கட்டில் 11-ம் எண் ஜஸ்டிஸ், தராசும் வாளும் பிடித்த நீதி. அதற்கு அடுத்ததுதான் ஹேங்டு மேன். (பழைய கட்டுகளில் பெரும்பாலும் நீதி 8-ம் எண்ணில் இருக்கும், அது தனிக்கதை.) உழைப்பைப் பார்த்து நியாயம் தானாக வரும் என்று நம்பியவர்தான் அடுத்த கார்டில் தொங்குகிறார் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இந்தக் கார்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 15-ம் நூற்றாண்டு இத்தாலியில் இது துரோகியின் சீட்டு. அங்கே துரோகம் செய்தவர்களை இப்படி ஒற்றைக் காலில் தொங்குவதுபோல் பொதுச் சுவரில் வரைந்து அவமானப்படுத்துவார்கள். பின்னால் 1909-ல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டுக்கட்டில், அதே உருவத்துக்கு ஒளிவட்டம். உங்கள் கடிதத்தில் இரண்டுமே இருக்கின்றன. "முதலாளி வீட்டில் எல்லாரும் என்னை நம்ம வீட்டுப் பெண் என்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஒளிவட்டம். அடுத்த பத்தியிலேயே "இத்தனை வருடம் சோறு போட்ட இடத்தை விட்டுப் போனால் துரோகம் ஆகாதா" என்கிறீர்கள். உங்களைக் கட்டியிருக்கும் கயிறு இந்த இரண்டாவது வரி. சோறு அவர்கள் போடவில்லை அக்கா, வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினீர்கள்.

மற்ற கார்டுகள். கடந்த காலத்தில் த்ரீ ஆஃப் பென்டகிள்ஸ்: தேவாலயத்தில் வேலை செய்யும் சிற்பி, எதிரே வரைபடத்தோடு இரண்டு பேர். தொழில் தெரிந்தவர், நாலு பேர் மதித்தவர். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஆபீஸ் பக்கத்துக்கு வந்தது சிக்ஸ் ஆஃப் பென்டகிள்ஸ். ஒரு கையில் தராசு பிடித்த வியாபாரி மறு கையால் காசு போடுகிறான், வாங்குகிறவர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். கிடைக்கும், ஆனால் அவன் அளந்து போடுவதுதான் கிடைக்கும். ஏப்ரலில் சின்னதாக ஒரு இன்கிரிமென்ட்டும் முதுகில் ஒரு தட்டும் வரலாம் என்பது என் கணிப்பு. அதை வைத்து இன்னொரு வருடம் உட்கார்ந்துவிடாதீர்கள்.

நீங்கள் பார்க்காமல் இருப்பது என்ற இடத்தில் ஃபோர் ஆஃப் கப்ஸ். மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான் ஒருவன். முன்னால் மூன்று கோப்பைகள். மேகத்திலிருந்து ஒரு கை நாலாவதை நீட்டுகிறது, அவன் நிமிரவே இல்லை. பழைய மேனேஜர் தன் புதுக் கம்பெனிக்கு இரண்டு முறை கூப்பிட்டார் என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போங்கள் என்று நான் சொல்லவில்லை. என்ன பதவி, என்ன சம்பளம் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். கிராஜுவிட்டி போய்விடும் என்ற பயமும் வேண்டாம். 5 வருடம் தொடர்ந்து பார்த்தாலே அதற்குத் தகுதி உண்டு, ராஜினாமா செய்தாலும் வரும். பி.எஃப்-ஐ அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இனி வருவதற்கு குவீன் ஆஃப் ஸ்வோர்ட்ஸ். நிமிர்த்திய வாள், முன்னால் நீட்டிய இடது கை. சிரிப்பும் கிடையாது, அழுகையும் கிடையாது. இது பதவி வரும் என்று சொல்லும் கார்டு இல்லை, வராது என்றும் சொல்லவில்லை. பேசச் சொல்கிறது. அப்ரைசல் ஃபார்மில் "கம்பெனி வளர்ச்சிக்குத் தொடர்ந்து உழைப்பேன்" என்று வழக்கம்போல் எழுதாமல், இன்சார்ஜாக எந்தத் தேதியிலிருந்து இருக்கிறீர்கள், எந்தெந்த வேலை உங்கள் கையெழுத்தில் போகிறது என்று வரிசையாக எழுதுங்கள். ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள்: "என் பதவி உயர்வு பற்றிய முடிவு எந்தத் தேதிக்குள் தெரியும்?" வாய்வார்த்தையாகப் பதில் வந்தால், "நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி அதையே மெயிலில் போட்டுவிடுங்கள். அதே வாரத்தில் பழைய மேனேஜருக்கும் ஒரு போன்.

மாதத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். கார்டில் மாதம் பார்த்துச் சொல்வதில்லை, ஜாதகக்காரரிடம் கேட்டால் சொல்வார். இதே கேள்விக்கு மறுபடி கார்டு எடுக்கச் சொல்லாதீர்கள், எடுக்க மாட்டேன். ஹெச்.ஆர் பதில் வந்ததும், அது எப்படி இருந்தாலும், அனுப்புங்கள். அடுத்த ரீடிங் அதை வைத்துத்தான்.