மூன்று முழம் பூ

எங்கள் வீடு மதுரையில் இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை. மாலையில் பாட்டியும் நானும் பூ வாங்கப் போனோம்.

தெருமுனையில் பூக்கார அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு கூடை. கூடையில் மல்லிகைச் சரம். அதன் மேல் ஈரத்துணி.

"மூன்று முழம் கொடும்மா" என்றார் பாட்டி.

அக்காவிடம் அளவுகோல் இல்லை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை சரத்தை நீட்டி அளந்தார். ஒன்று, இரண்டு, மூன்று!

"உன் கை குட்டையாக இருக்கிறதே!" என்று பாட்டி சிரித்தார். அக்காவும் சிரித்தார். இன்னும் கொஞ்சம் பூ கொடுத்தார். வாழை இலையில் மடித்துக் கட்டினார்.

வீட்டில் நான் என் கையால் அளந்தேன். ஐந்து முழம் வந்தது!

கேள்விகள்

1. பாட்டி எந்தக் கிழமை பூ வாங்கினார்?
2. மல்லிகைச் சரத்தின் மேல் என்ன இருந்தது?
3. சரியா, தவறா? பூக்கார அக்கா அளவுகோலால் அளந்தார்.
4. பாட்டி எத்தனை முழம் கேட்டார்?
5. பூக்கார அக்கா பூவை எதில் மடித்தார்?
6. வீட்டில் ஏன் ஐந்து முழம் வந்தது?
7. உங்கள் மேசையைக் கையால் அளந்து பாருங்கள். எத்தனை முழம் இருக்கிறது?