ஊசல் ஆய்வறிக்கை மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்ய வேண்டி

அனுப்புநர்:
பதினொன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி,
வரிசை எண் 23

பெறுநர்:
இயற்பியல் ஆசிரியர் அவர்கள்,
பதினொன்றாம் வகுப்பு

பொருள்: தனி ஊசல் ஆய்வறிக்கையில் ஆ2, ஈ1, ஈ3 ஆகிய மூன்று உட்பிரிவுகளின் மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்ய வேண்டுதல்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் ஆய்வறிக்கையைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தீர்கள். எனக்கு 40-க்கு 27 கிடைத்திருக்கிறது. ஆய்வுக்கு முன் நீங்கள் தந்த மதிப்பீட்டு அளவுகோல் தாளை அருகில் வைத்துக்கொண்டு அறிக்கையை வரிவரியாக இரண்டு முறை படித்தேன். பெரும்பாலான இடங்களில் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று புரிந்தது. மூன்று உட்பிரிவுகளில் மட்டும், அளவுகோல் கேட்பது அறிக்கையில் இருந்தும் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. அப்படிப் போனதற்கு நான் எழுதிய முறையும் ஒரு காரணம். அந்த மூன்றை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எவற்றைக் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிவு ‘இ’யில் (வரைபடமும் கணக்கீடும்) 10-க்கு 7 கொடுத்திருக்கிறீர்கள். அது சரிதான். T² அச்சில் அலகு எழுத மறந்துவிட்டேன். அதைவிடப் பெரிய தவறு, கோட்டை வலிந்து ஆதிப்புள்ளி வழியே இழுத்தது. “புள்ளிகள் சொல்லும் இடத்தில் கோடு போகட்டும்” என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். வீட்டில் அதே புள்ளிகளுக்குப் புதிதாக ஒரு கோடு வரைந்து பார்த்தபோது சாய்வு 4.10-லிருந்து 4.05 ஆகக் குறைந்தது. g = 4π²/சாய்வு என்பதால் விடை 9.63-லிருந்து 9.75 மீ/நொடி² ஆக உயர்கிறது. பிரிவு ‘அ’, பிரிவு ‘உ’ பற்றியும் எனக்குக் கேள்வி இல்லை.

முதலாவது, ஆ2. அளவுகோல் தாளில் இதற்கு 3 மதிப்பெண். அதன் வாசகம்: “ஊசலின் பயன்படு நீளம் எவ்வாறு பெறப்பட்டது என்பதை அளவீடுகளுடன் காட்டுதல்.” எனக்கு 0 கிடைத்திருக்கிறது. அருகில் உங்கள் குறிப்பு: “குண்டின் ஆரம் சேர்க்கப்படவில்லை.”

ஆரத்தைச் சேர்த்திருக்கிறேன் அம்மா. அறிக்கையின் 3-ஆம் பக்க அட்டவணையில் இரண்டாவது நிரலில் இருப்பது நூலின் நீளம் அல்ல, கூட்டிய நீளம். நூல் 39.0 செ.மீ., குண்டின் விட்டம் வெர்னியர் அளவியில் 2.00 செ.மீ., ஆகவே ஆரம் 1.00 செ.மீ., மொத்தம் 40.0 செ.மீ. ஆறு நீளங்களும் 40.0-லிருந்து 90.0 வரை பத்துப் பத்தாக ஏறுவது அதனால்தான். நூலை 39.0, 49.0, 59.0 என்று வைத்துக்கொண்டேன். ஆனால் இந்த விளக்கத்தை அட்டவணைக்கு மேலே எழுதாமல் 4-ஆம் பக்கத்தின் உச்சியில், வெர்னியர் அளவீடுகளுக்குக் கீழே இரண்டு வரியில் எழுதிவிட்டேன். நிரலின் தலைப்பில் வெறும் “L” என்றுதான் இருக்கிறது. அதை மட்டும் பார்ப்பவருக்கு நூலின் நீளம் என்றுதான் தோன்றும். “L = நூல் + ஆரம்” என்று தலைப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இந்த உட்பிரிவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது என் பக்கத்தைப் பலவீனப்படுத்தினாலும் மறைப்பது சரியில்லை. புதிய கோடு ஆதிப்புள்ளி வழியே போகவில்லை, T² அச்சை ஏறத்தாழ 0.035 நொடி² உயரத்தில் வெட்டுகிறது. அதைச் சாய்வால் வகுத்தால் 0.0086 மீட்டர், அதாவது சுமார் 0.9 செ.மீ. நான் எழுதிய ஒவ்வொரு நீளமும் உண்மையான நீளத்தைவிட ஏறக்குறைய அவ்வளவு குறைவு என்பது இதன் பொருள். ஆரம் சேர்க்காமல் விட்டிருந்தாலும் வரைபடம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்திருக்கும். உங்களுக்கு அந்தச் சந்தேகம் வந்தது நியாயமே.

ஆரத்தைச் சேர்த்த பிறகும் நீளம் ஏன் குறைகிறது என்று புதன்கிழமை ஆய்வுக்கூடத்தில் அதே குண்டை எடுத்துப் பார்த்தேன். குண்டின் மேல் ஒரு சிறு கொக்கி இருக்கிறது. நூலைக் கொக்கியின் முடிச்சு வரை அளந்துவிட்டு, அதோடு ஆரத்தை மட்டும் கூட்டியிருக்கிறேன். இடையில் உள்ள கொக்கியின் உயரம் விட்டுப்போனது. அளந்ததில் அது 0.8 செ.மீ. வரைபடம் காட்டும் குறைவுக்கு இது மிக அருகில் வருகிறது. ஆகவே நீளம் குறைகிறது என்ற உங்கள் முடிவு சரி, அதற்குக் காரணம் மட்டும் ஆரம் இல்லை, கொக்கி.

இந்தக் கண்டுபிடிப்பு அறிக்கையில் இல்லாதது. அதற்காக மதிப்பெண் கேட்கவில்லை. ஆ2 கேட்பது நீளம் பெறப்பட்ட முறையை அளவீடுகளுடன் காட்டுவது. நூல், விட்டம், ஆரம், கூட்டல் ஆகிய நான்கும் அறிக்கையில் இருக்கின்றன, கொக்கி இல்லை. முழு மூன்றும் பொருந்தாது என்றே நினைக்கிறேன். ஆனால் 0 என்பது எதுவுமே காட்டாத அறிக்கைக்கு உரியது என்று தோன்றுகிறது. எவ்வளவு தகும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது ஈ1, 4 மதிப்பெண். “குறைந்தது இரண்டு பிழை மூலங்களை இனங்கண்டு, ஒவ்வொன்றும் விடையை எத்திசையில், ஏறத்தாழ எவ்வளவு மாற்றும் என்று காட்டுதல்.” எனக்கு 1 கிடைத்திருக்கிறது. குறிப்பு: “விடை 9.81-லிருந்து விலகியுள்ளது. காரணம் போதாது.”

இங்குதான் அளவுகோலின் சொற்களை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். விடை 9.81-க்கு எவ்வளவு அருகில் வர வேண்டும் என்று ஈ1 சொல்லவில்லை. மூலம், திசை, அளவு ஆகிய மூன்றையும் இரண்டு மூலங்களுக்காவது காட்டச் சொல்கிறது. 5-ஆம் பக்கத்தில் நான் எழுதியவை இவை. ஒன்று, நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் கை தாமதம்: 20 அலைவுகளுக்கு ±0.2 நொடி என்று எடுத்துக்கொண்டேன். மிகக் குறைந்த நீளத்தில் 20 அலைவுகளுக்கு 25.7 நொடி ஆனதால் இது 0.8 சதவீதம். g கணக்கில் T இருமடியாக வருவதால் 1.6 சதவீதம். கை முந்தினால் g கூடும், பிந்தினால் குறையும், எனவே இரு திசையிலும். மற்றொன்று, வீச்சு: குண்டை ஏறத்தாழ 10 பாகை இழுத்துவிட்டேன். கோணம் சிறிது என்ற தோராயத்தில்தான் T = 2π√(L/g) பொருந்தும். 10 பாகையில் உண்மையான அலைவு நேரம் அதைவிட 0.19 சதவீதம் அதிகம். அதனால் g சுமார் 0.4 சதவீதம் குறைவாகக் கிடைக்கும். இது ஒரே திசையில் மட்டும்.

கொக்கியை அப்போது கவனிக்கவில்லை. கோட்டை ஆதிப்புள்ளி வழியே இழுத்ததும் ஒரு பிழை மூலம் என்று சொல்லவில்லை. விடை விலகியதற்குப் பெரிய காரணங்கள் இவை இரண்டும்தான் என்பதால், “காரணம் போதாது” என்று நீங்கள் எழுதியதை இப்போது ஏற்கிறேன். ஆனால் விலகலின் முழுக் காரணத்தையும் கண்டுபிடிப்பது ஈ1-இல் கேட்கப்படவில்லை. கேட்ட இரண்டு மூலங்களுக்கும் திசையும் அளவும் கொடுத்திருப்பதால் 1 என்பது குறைவாகத் தோன்றுகிறது.

ஈ3 சுருக்கமானது. “ஏற்கப்பட்ட மதிப்புடனான வேறுபாட்டைச் சதவீதத்தில் காட்டி, அது கணக்கிட்ட பிழை எல்லைக்குள் அடங்குகிறதா என்று கூறுதல்”, 2 மதிப்பெண். எனக்கு 0, ஓரத்தில் குறிப்பு எதுவும் இல்லை. 6-ஆம் பக்கத்தின் கடைசிப் பத்தியில் இந்த ஒப்பீடு இருக்கிறது: 9.63-க்கும் 9.81-க்கும் வேறுபாடு 1.8 சதவீதம், நேரத்தின் 1.6, நீளத்தின் 0.5 இரண்டையும் சேர்த்துப் பிழை எல்லை 2.1 சதவீதம், ஆகவே விடை எல்லைக்குள் அடங்குகிறது. அந்தப் பத்தி “முடிவுரை” என்ற தலைப்புக்குக் கீழே, பிரிவு ‘ஈ’ முடிந்த பிறகு வருவதால் விடுபட்டிருக்கலாம். தவறான இடத்தில் எழுதியது என் பிழைதான். (புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.78, துருவங்களில் 9.83 என்று மாறுவதை விலகலுக்குச் சாக்காகச் சொல்லவில்லை. நீங்கள் தாளில் கொடுத்த 9.81-ஐயே எடுத்துக்கொண்டேன்.) ஈ2-க்கு, அதாவது பிழை எல்லையைக் கணக்கிட்டதற்கு, முழு இரண்டும் கொடுத்திருக்கிறீர்கள். அந்த எல்லையைப் பயன்படுத்தித்தான் ஈ3-இல் ஒப்பிட்டிருக்கிறேன்.

மறுபடி பார்க்கும்போது நான் கவனிக்காத வேறு தவறு தெரிந்து மதிப்பெண் குறைந்தாலும் அதை ஏற்றுக்கொள்வேன். மற்ற மாணவர்களின் அறிக்கைகளோடு ஒப்பிட்டு இதைக் கேட்கவில்லை. யாருடைய தாளையும் வாங்கிப் பார்க்கவும் இல்லை.

இந்தக் கடிதத்துடன் அறிக்கையின் மூலப்படியை இணைத்திருக்கிறேன். நீங்கள் திருத்தியபடியே இருக்கிறது, எதையும் அழிக்கவோ சேர்க்கவோ இல்லை. 3, 4, 5, 6 ஆகிய பக்கங்களில் பென்சிலால் சிறு அம்புக்குறி மட்டும் போட்டிருக்கிறேன். புதிதாக வரைந்த கோடும் கொக்கியின் அளவும் தனித்தாளில் இருக்கின்றன. அவை உங்கள் தகவலுக்காக மட்டும், மதிப்பீட்டில் சேர்ப்பதற்கு அல்ல. மதிப்பெண் பட்டியல் வரும் வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போகும் என்று வகுப்பில் சொன்னீர்கள். அதற்குள் நேரம் கிடைத்தால் பார்க்க வேண்டுகிறேன். நேரில் பேச வேண்டும் என்றால் மதிய இடைவேளையில் எந்த நாளும் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறேன்.

கொக்கியின் நீளத்தைச் சேர்த்து, வீச்சை 5 பாகைக்குள் வைத்து, ஒவ்வொரு நீளத்துக்கும் 20-க்குப் பதில் 50 அலைவுகள் எண்ணி, இந்த ஆய்வை இன்னொரு முறை செய்து பார்க்க ஆசை. மதிப்பெண்ணுக்காக அல்ல. அனுமதி தந்தால் வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் செய்துவிட்டுக் கருவிகளை எடுத்த இடத்தில் வைத்துவிடுகிறேன்.

நன்றி அம்மா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மாணவி,
வரிசை எண் 23, பதினொன்றாம் வகுப்பு ‘ஆ’

இணைப்பு: திருத்தப்பட்ட ஆய்வறிக்கை (6 பக்கங்கள்), மதிப்பீட்டு அளவுகோல் தாள் (1), புதிய வரைபடமும் கொக்கி அளவீடும் (1)