மதிப்பாய்வாளரின் 2ஆம் கருத்துக்கான பதில்

மதிப்புக்குரிய மதிப்பாய்வாளருக்கு,

வன்னியின் மழைவீழ்ச்சிக்கும் நெல் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பு பற்றிய என் கட்டுரையைப் பொறுமையாக வாசித்ததற்கு நன்றி. வரைபு 3இல் அச்சுக்களின் அலகு விடுபட்டிருந்தது என் கவனயீனம், சரிசெய்துவிட்டேன்.

ஆனால் ஆண்டு மழைவீழ்ச்சியை ஜனவரி–டிசம்பர் என்று கூட்டும்படி நீங்கள் கேட்டதை ஏற்க முடியவில்லை. வன்னியில் மாரி ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். டிசம்பர் 31இல் வெட்டினால் ஒரே மாரி இரண்டு ஆண்டுகளாகப் பிளந்துவிடும்.

2018 டிசம்பர் பிற்பகுதியில் கொட்டிய மழையை எடுங்கள். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. அந்த மாரியில் குளத்தில் தேங்கிய நீர்தான் மாரிக்குப் பின் குளத்து நீரை நம்பிச் செய்யும் 2019 சிறுபோக நெற்செய்கைக்குப் போனது. நீங்கள் சொல்லும் முறையில் மழை 2018இலும் அதனால் விளைந்த நெல் 2019இலும் பதிவாகும். பிறகு மழைக்கும் விளைச்சலுக்கும் தொடர்பில்லை என்றுதான் கணக்குக் காட்டும்! கமக்காரர் யாரும் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. மாரி முடிந்து குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று பேசுவார்கள்.

இலங்கையில் நீரியல் ஆண்டை ஒக்டோபர்–செப்டெம்பர் எனக் கொள்வதும் வழக்கம்தான். எனவே அதையே வைத்திருக்கிறேன். பிற மாவட்ட ஆய்வுகளோடு ஒப்பிட வசதியாக, நாட்காட்டி ஆண்டுக் கூட்டுத்தொகையைப் பின்னிணைப்பில் தனி அட்டவணையாகச் சேர்த்துள்ளேன்.

இப்படிக்கு,
கட்டுரை ஆசிரியர்