செப்டம்பர் மாச எஸ்எல்ஏ ரிவ்யூ – மீட்டிங் மினிட்ஸ்

தேதி: அக்டோபர் 8, காலை 11 மணி
வந்தவங்க: நம்ம பக்கம் ஐடி ஆபரேஷன்ஸ் மேனேஜர், பர்ச்சேஸ், நான் (மினிட்ஸ்). வெண்டர் பக்கம் அக்கவுண்ட் மேனேஜர், சப்போர்ட் லீட்.

அப்டைம்
டார்கெட் 99.9%, அதாவது 30 நாள் மாசத்துல 43 நிமிஷம்தான் டவுன் ஆகலாம். ஆனது ரெண்டு தடவை, 71 + 47 = 118 நிமிஷம், 99.73%. அந்த 47 நிமிஷம் பிளான்டு மெயின்டனன்ஸ், கணக்குல சேக்காதீங்கன்னு வெண்டர் கேட்டாங்க. அக்ரிமெண்ட்படி 72 மணி நேரம் முன்னாடி சொல்லணும், மெயில் வந்தது 20 மணி நேரம் முன்னாடி, அதனால சேரும். ஒத்துக்கிட்டாங்க.

71 நிமிஷத்துக்கு காரணம் லாக் ஃபைல் நிரம்பி டேட்டாபேஸ் டிஸ்க் ஃபுல் ஆனது. 80%லயே அலர்ட் போயிருக்கு, ஆனா ஷிஃப்ட் மாறிப் போனவரோட பழைய நம்பருக்குப் போயிருக்கு. ஆர்சிஏ 5 வேலை நாள்ல வரணும், 11வது நாள்தான் வந்துச்சு.

பி2 டிக்கெட்
அதிக நேரம் போனது இதுலதான். 8 மணி நேரத்துல 90% முடிக்கணும். வெண்டர் ரிப்போர்ட்ல 40க்கு 37, அதாவது 92.5%, பாஸ். நாங்க டிக்கெட் ஹிஸ்டரிய ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தப்போ, யூசர்கிட்ட ஒரு கேள்வியும் கேக்காமலே "பெண்டிங்"ல போட்டு கிளாக்க நிறுத்தி வச்சது 5 இருந்துச்சு, அத கழிச்சா 32தான், 80%. நம்ம யூசருங்க வேலைய விட்டுட்டு உக்காந்திருந்தாங்க, ரிப்போர்ட்ல பச்சை கலர், இத ஏத்துக்கவே முடியாதுன்னு ஆபரேஷன்ஸ் மேனேஜர் நேராவே சொன்னார். சப்போர்ட் லீட் 3 தப்புன்னு ஒத்துக்கிட்டார், 2க்கு ஃபோன்ல கேட்டோம்னு சொல்றார், கால் ரெக்கார்ட் 10ஆம் தேதிக்குள்ள அனுப்பணும். அந்த 2ஐ விட்டுக்கொடுத்தாலும் 85%தான், மிஸ் மிஸ்தான்.

பி1 எல்லாம் டைம்ல முடிஞ்சிருக்கு.

பெனால்டி
அப்டைம் 99.8%க்குக் கீழ போனதால 5%, பி2க்கு 4%, மொத்தம் மாச பில்லுல 9%. உச்சவரம்பு 12%, அதுக்குள்ளதான் இருக்கு. அக்டோபர் இன்வாய்ஸ்ல கிரெடிட் நோட்டா வரும். இந்த ஒரு தடவை விட்டுடுங்கன்னு கேட்டாங்க, ஆகஸ்ட்லயும் அப்டைம் மிஸ் ஆனதால முடியாதுன்னுட்டோம். அடுத்த மூணு மாசம் டார்கெட் அடிச்சா பாதி திருப்பித் தரலாமான்னும் கேட்டாங்க, அக்ரிமெண்ட்ல அப்படி எதுவும் இல்ல, பர்ச்சேஸ் ஃபைனான்ஸ்கிட்ட கேட்டுச் சொல்வாங்க, இப்போதைக்கு முடிவு இல்ல. அக்டோபர்லயும் அப்டைம் மிஸ் ஆனா தொடர்ந்து மூணாவது மாசம், டெர்மினேஷன் நோட்டீஸ் குடுக்கற உரிமை நமக்கு வந்துடும்னு ஞாபகப்படுத்தினோம்.

வெண்டர் ஒத்துக்கிட்டது
– ஆன்-கால் லிஸ்ட் வாராவாரம் அப்டேட், 10 நிமிஷத்துல யாரும் எடுக்கலன்னா அலர்ட் அடுத்த ஆளுக்குப் போகும். அக்டோபர் 15க்குள்ள, நம்ம முன்னாடி டெஸ்ட் பண்ணிக் காட்டணும் (சப்போர்ட் லீட்).
– கேள்வி டைப் பண்ணாம டிக்கெட்ட பெண்டிங்ல போட முடியாதபடி டூல்லயே மாத்தணும், அக்டோபர் 22 (சப்போர்ட் லீட்).
– வெள்ளிக்கிழமைதோறும் 10 டிக்கெட் ரெண்டு பேரும் சேந்து செக் பண்றது, இந்த வாரத்துலருந்தே (சப்போர்ட் லீட், நான்).
– லாக் ரொட்டேஷன் போட்டாச்சுன்னு சொன்னாங்க, ஆதாரம் இன்னும் வரல, நாளைக்குள்ள வேணும் (அக்கவுண்ட் மேனேஜர்).

அடுத்த ரிவ்யூ நவம்பர் 6. திருத்தம் இருந்தா ரெண்டு நாள்ல சொல்லுங்க.