மனுவைப் படித்தேன், செந்தில்

அன்புள்ள செந்திலுக்கு,

உங்கள் தெருச் சாக்கடை அடைப்பைப் பற்றி நகராட்சி ஆணையாளருக்கு எழுதி நீ அனுப்பிய மனுவை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். தெருவில் இத்தனை வீடு இருந்தும் பேனாவை எடுத்தவன் நீ ஒருவன்தான், அதற்கு முதலில் ஒரு சபாஷ். ஆனால் இதை இப்படியே திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிடாதே. வேறொரு ஊர் நகராட்சியில் தபால் பிரிவிலும் பொறியியல் பிரிவிலுமாக இருபத்தாறு வருஷம் இந்த மாதிரி மனுக்களைப் பிரித்துப் படித்தவன் நான். அதனால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

இரண்டு பக்கத்தையும் மூன்று தரம் படித்தேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. கடைசி வரி இப்படி இருக்கிறது: "தாங்கள் தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு தங்கள் பாதம் பணிந்து வேண்டுகிறோம்." ஆவன என்றால் ஆகவேண்டியவை. எவை? மேஸ்திரி வந்து சாக்கடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாலே ஆவன செய்தாகிவிட்டது. "தல ஆய்வு செய்யப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை முடித்துவிடலாம். இந்த வரியை நானே எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். "கோயில் முனையிலிருந்து சிறுபாலம் வரை தூர்வார வேண்டும்" என்று மனுவில் இருந்தால், தூர்வாராமல் அப்படி எழுதக் கை கூசும்.

அந்தப் பாதத்தையும் விட்டுவிடு. ம-ள-ள-ஸ்ரீ போட்டு மகாராஜராஜஸ்ரீ என்று துரைக்கு எழுதிய காலத்து மிச்சம் அது. நாம் சொத்துவரி கட்டுகிறவர்கள். "கேட்டுக்கொள்கிறோம்" என்பதே போதிய பணிவு. வேண்டுமானால் "பணிவுடன்" என்று ஒரே ஒரு இடத்தில் சேர்த்துக்கொள்.

முதல் பக்கத்தில் காலில் விழுகிறாய், இரண்டாம் பக்கத்தில் "உங்களது சோம்பேறி ஊழியர்கள்" என்கிறாய். யோசித்துப் பார், மனு ஆணையாளரிடம் போவதற்கு முன்னால் அந்த ஊழியர் மேசைக்குத்தான் வரும். "கான்ட்ராக்டர் காசு வாங்கிக்கொண்டு" என்ற வரியையும் அடித்துவிட்டேன். கையில் ஆதாரம் இருந்தால் அது தனிப் புகார், இல்லையென்றால் டீக்கடைப் பேச்சு. சாலை மறியல் மிரட்டலும் வேண்டாம். மறியல் செய்வதானால் செய்யுங்கள், அதை மனுவில் முன்கூட்டி எழுதினால் கோப்பு சாக்கடையை விட்டுவிட்டுக் காவல் நிலையத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். "துப்புரவாளர்" என்று எழுதியிருக்கிறாய். அரசே 2020-இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றிவிட்டது.

விளிப்பில் ஒரு சங்கடம். "மாண்புமிகு ஆணையாளர் ஐயா அவர்களே" என்று தொடங்கியிருக்கிறாய். மாண்புமிகு அமைச்சர்களுக்கும் நீதிபதிகளுக்கும் போடுவது, ஆணையாளருக்கு உயர்திரு போதும். இன்னொன்று, இப்போது இருப்பவர் பெண் என்று நீதானே போனில் சொன்னாய்? பிறகு எப்படி ஐயா? அம்மையீர் என்று போடு. மனுவில் ஓரிடத்தில் "தாங்கள்", இன்னோரிடத்தில் "நீங்கள்", ஓரிடத்தில் "நான்", மறுவரியில் "நாங்கள்". தெருவாசிகள் கையெழுத்திடும் மனு, அதனால் முழுக்க "நாங்கள்". அவரைத் "தாங்கள்". "அனுப்புனர், பெறுனர்" அல்ல, அனுப்புநர், பெறுநர். தமிழ் வாத்தியார் கண்ணில் பட்டால் தொலைந்தாய்!

தெருவிளக்கையும் நாய்த் தொல்லையையும் சேர்த்திருப்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஒன்று மின் பிரிவு, இன்னொன்று சுகாதாரப் பிரிவு, சாக்கடை பொறியியல் பிரிவு. மூன்றும் ஒரே தாளில் இருந்தால் தாள் ஒரு பிரிவில் தூங்கும், மற்ற இரண்டும் அதை எதிர்பார்த்துக் கொட்டாவி விடும். அவற்றுக்குத் தனி மனு எழுது. செப்டம்பரில் கொடுத்த பழைய மனுவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உன் கையில் இருக்கும் பெரிய ஆயுதமே அதுதான். அதைப் "பார்வை" என்று மேலே போட வேண்டும்.

முகவரிகள் இரண்டும் நீ எழுதியபடியே இருக்கட்டும். விளிப்பிலிருந்து திருத்தித் தருகிறேன்:

உயர்திரு ஆணையாளர் அம்மையீர்,

பொருள்: 14ஆவது வார்டு, பிள்ளையார் கோயில் தெரு – கழிவுநீர் வடிகால் அடைப்பு – தூர்வாரி, உடைந்த மூடிகளை மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் 03.09.2024 நாளிட்ட மனு.

வணக்கம். நாங்கள் மேற்கண்ட தெருவில் வசிக்கும் 23 குடும்பத்தினர். தெருவின் மேற்குப் பக்க வடிகால், கோயில் முனையிலிருந்து சிறுபாலம் வரை சுமார் 180 மீட்டர் நீளத்துக்கு மண்ணும் குப்பையும் சேர்ந்து அடைபட்டுள்ளது. இது குறித்துப் பார்வையில் காணும் மனுவைத் தங்கள் அலுவலகத்தில் நேரில் அளித்தோம். இதுவரை பணி நடைபெறவில்லை, பதிலும் கிடைக்கவில்லை.

கடந்த 12.11.2024 அன்று பெய்த மழையில் கழிவுநீர் தாழ்வான ஒன்பது வீடுகளுக்குள் புகுந்தது. வடிகாலை ஒட்டிச் செல்லும் குடிநீர்க் குழாயில் அதன் பிறகு மூன்று நாட்கள் நிறம் மாறிய தண்ணீர் வந்தது. கதவு எண் 7, 11, 16, 20 ஆகிய வீடுகளின் எதிரில் வடிகால் மூடிகள் உடைந்துள்ளன. 11ஆம் எண் வீட்டு முதியவர் ஒருவர் அதில் கால் தவறி விழுந்து காயமடைந்தார்.

ஆகவே, கோயில் முனையிலிருந்து சிறுபாலம் வரை வடிகாலை ஏழு நாட்களுக்குள் தூர்வாரி, வெளியில் எடுக்கும் மண்ணை அன்றே அகற்றவும், மேற்கண்ட நான்கு இடங்களிலும் புதிய மூடிகள் அமைக்கவும், குடிநீர்க் குழாயில் கசிவு உள்ளதா எனச் சோதிக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்.

இணைப்பு: 1. முந்தைய மனுவின் முத்திரையிட்ட நகல். 2. புகைப்படங்கள் – 6.

நாள்: 18.11.2024

இப்படிக்கு,
பிள்ளையார் கோயில் தெருவாசிகள்

இவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள் அடங்கும். மீட்டர் கணக்கும் வீட்டு எண்களும் நீ எழுதிய இரண்டு பக்கத்துக்குள்தான் புதைந்து கிடந்தன, நான் வெளியே எடுத்து வைத்தேன், அவ்வளவே. குடிநீர்க் குழாய் தனிப் பிரிவுதானே என்று நீ கேட்பாய். கேட்கலாம்தான். ஆனால் இங்கே தண்ணீர் கெட்டது சாக்கடையால், அதைப் பிரித்தால் மனுவின் வலு போய்விடும், அதனால் விட்டு வைத்தேன்.

கையெழுத்துகள் இதே தாளில் தொடங்க வேண்டும். தனித்தாளில் மட்டும் இருந்தால் அந்தத் தாள் எந்த மனுவோடு வந்தது என்று யாரும் கேட்கலாம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் பெயர், கதவு எண். இரண்டு பிரதி எடு. ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு மற்றதில் தேதி முத்திரை வாங்கு. முத்திரை போடாமல் "வெச்சுட்டுப் போங்க சார்" என்பார்கள், நகராதே. பத்து நாள் கழித்துப் போய், மனுவுக்கு அலுவலகம் போட்ட கோப்பு எண்ணை, அதாவது ந.க. எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள், அடுத்த மனுவுக்குப் பார்வை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. பெரியம்மா வாழைப்பூ வடை போடுகிறேன் என்கிறாள். அச்செடுத்த தாளையும் கொண்டு வா, தெருவில் கையெழுத்து வாங்கப் போகும் முன் இன்னொரு தரம் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா