ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதற்கு முன்னால்

அன்புள்ள செந்தில்,

நாம் வழக்கமாகப் பேசும் நேரம் இது. நீங்கள் இரண்டு முறை அழைத்தீர்கள், நான் எடுக்கவில்லை. கோபம் எதுவும் இல்லை. இன்று சொல்ல வேண்டியதைப் பேசிச் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன், அதனால் எழுதுகிறேன். ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து, சாப்பிட்டு முடித்த பிறகு நிதானமாகப் படியுங்கள்.

மாசி மாதத்தில் அந்த வரன் தேடும் செயலியில் உங்கள் முதல் செய்தி வந்தது. "பட்டுப்புழு வளர்ப்பு என்று போட்டிருக்கிறீர்களே, வீட்டுக்குள்ளேயா வளர்ப்பீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் வந்த செய்திகள் எல்லாம் சம்பளம் எவ்வளவு, நிலம் எவ்வளவு, எத்தனை பவுன் என்றுதான் தொடங்கின. உங்களுக்கு மட்டும்தான் நான் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். இப்போது ஆவணி. இந்த ஆறு மாதத்தில் உங்களிடம் பேசாமல் நான் தூங்கிய இரவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நினைவிருக்கிறதா, ஒரு நாள் புழுக்கொட்டகையில் நின்றுகொண்டே உங்களிடம் பேசினேன். "அங்கே மழையா?" என்று கேட்டீர்கள். மழை இல்லை. நான்காம் தோலுரிப்பு முடிந்து எழுந்த புழுக்கள் மல்பெரி இலையைத் தின்னும் சத்தம் அது. போனைத் தட்டுக்கு மேல் பிடித்தேன். நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "மாயவரத்தில் ஓட்டு வீட்டில் படுத்திருந்தால் இப்படித்தான் கேட்கும்" என்று சொன்னீர்கள். இந்த மனிதருடன் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று எனக்கு முதலில் தோன்றியது அன்றைக்குத்தான். இதை இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

இனி, சொல்லாமல் வைத்திருந்த மற்றொன்று.

நீங்கள் வீடியோவில் பேசலாமா என்று கேட்டபோதெல்லாம் எங்கள் ஊரில் சிக்னல் சரியில்லை என்றேன். அது பொய். மொட்டை மாடிக்கு ஏறினால் சிக்னல் நன்றாகவே கிடைக்கும், என் தம்பி அங்கே உட்கார்ந்துதான் கிரிக்கெட் பார்ப்பான். ஆறு மாதம் உங்களிடம் இந்த ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

காரணம் என் பற்கள். நான் அனுப்பிய ஒவ்வொரு படத்திலும் உதடு மூடித்தான் சிரித்திருப்பேன், போய்ப் பாருங்கள். என் முன்பற்கள் நான்கிலும் பழுப்புக் கறை இருக்கிறது. மேல்வரிசையில் நடுவில் உள்ள இரண்டிலும் குறுக்காகப் பட்டை போல ஓடும், ஓரங்களில் சுண்ணாம்பு வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருக்கும். தேய்த்தால் போகாது. பல் துலக்காததால் வந்ததும் இல்லை, வெற்றிலையாலும் இல்லை. எங்கள் தண்ணீரால் வந்தது.

டெல்டாவில் பிறந்த உங்களுக்கு இது புதிதாக இருக்கலாம். எங்கள் பென்னாகரம் பக்கம் முழுக்கப் பாறை பூமி. அந்தப் பாறையில் இருக்கும் ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தடி நீரில் கரைகிறது. குடிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. நாங்கள் குடித்ததோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. என் அம்மா பாவம், எனக்கு ஒவ்வொரு நாளும் காய்ச்சி ஆறவைத்துத்தான் கொடுத்தார். பால் பல் விழுந்து முளைக்கும் பல், ஈறுக்குள் உருவாகிற காலத்திலேயே கறையை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. எனக்கு ஏழு வயதில் முன்பல் முளைத்தபோதே அப்படித்தான் இருந்தது. என் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படி இருந்ததால் அப்போது அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பாட்டிக்குப் பல்லோடு நிற்கவில்லை, எலும்பிலும் இறங்கிவிட்டது. கடைசிப் பத்து ஆண்டுகள் முதுகை நிமிர்த்தாமலேயே வாழ்ந்து போனார்.

ஆடிப்பெருக்கு அன்று நீங்கள் உங்கள் ஊர்ப் படித்துறையின் படத்தை அனுப்பி, "இதெல்லாம் உங்கள் ஒகேனக்கல் வழியாக வந்த தண்ணீர்தானே" என்று எழுதினீர்கள். நான் ஒரு பூ மட்டும் பதிலாகப் போட்டேன். அன்று எழுத நினைத்தது வேறு. அந்தக் காவிரி எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரப் பஸ் பயணத்தில் விழுந்து ஓடுகிறது. அது மேட்டூர் தாண்டி உங்கள் மாயவரம் வரை வந்து சேர்ந்தது, பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் குடத்துக்கு வரவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியபோது எனக்குப் பதினெட்டு வயது. குழாயில் முதன்முதலாகக் காவிரித் தண்ணீர் வந்த அன்று அம்மா ஒரு சொம்பில் பிடித்துச் சாமி படத்துக்கு முன் வைத்தார். என் தம்பி மகள் பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். அவளுக்குப் போன மாதம் பால் பல் விழுந்து முன்பல் இரண்டு முளைத்தன. அரிசி போல வெள்ளையாக இருக்கின்றன. வீட்டில் எல்லாரும் மாறி மாறி அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம்.

இதை ஏன் மறைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2019இல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் ஒத்து வந்தது, பூ வைக்க நாள்கூடப் பேசினார்கள். காபி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அவர்களோடு வந்த ஒரு பெரியம்மா, "கொஞ்சம் நன்றாகச் சிரித்துக் காட்டு கண்ணு" என்றார். நான் சிரித்தேன். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, "பிறக்கிற பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று யோசிக்கிறார்கள்" என்றார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. இது பரம்பரையாக வருவது இல்லை, தண்ணீரால் வருவது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகத் தொடங்கியது.

இது இப்படியே போயிருக்கும். போன வாரம் நான் பாடம் எடுக்கும் பள்ளியில் ஒன்று நடந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், மலையடிவாரத்துக் குக்கிராமத்திலிருந்து நடந்து வருகிறாள். அங்கே இன்னும் போர் தண்ணீரைத்தான் பல நாட்கள் குடிக்கிறார்கள். அவளுக்கும் என்னைப் போலவே பல். நன்றாகப் பாடுவாள். அன்று பாடி முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே இடது கையைத் தூக்கி, நான்கு விரல்களையும் சேர்த்து, உதட்டின் மேல் சாய்வாக வைத்துக்கொண்டாள். செந்தில், அது என் கை. நான் எப்படி வைப்பேனோ அப்படியே, அதே சாய்வில். அவள் அதை வீட்டில் கற்கவில்லை, என்னிடமிருந்து கற்றிருக்கிறாள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். தேதியை இரண்டு முறை அழித்து எழுதினேன்.

அன்று மாலையே தம்பி மகளிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அதை இந்தச் செய்திக்குக் கீழே அனுப்புகிறேன். வெயில் முகத்தில் அடிக்கிறது, படம் கொஞ்சம் கோணல், பின்னால் மல்பெரிக் கட்டுகள் கிடக்கின்றன. பல் தெரியச் சிரித்திருக்கிறேன். பல் மருத்துவர் ஒருவர், மேலே மெல்லிய உறை ஒட்டிக்கொண்டால் கறை தெரியாது என்றார். அதை என்றாவது செய்துகொள்ளலாம், செய்யாமலும் இருக்கலாம். உங்களைச் சந்திப்பதற்காக அவசரமாகப் போய்ச் செய்துகொள்ள மனம் ஒப்பவில்லை.

தங்கையின் கல்யாணக் கடனில் இன்னும் இரண்டே கால் லட்சம் பாக்கி இருக்கிறது என்று நீங்கள் சித்திரையிலேயே சொல்லிவிட்டீர்கள். நான் கேட்காமலே வட்டி முதற்கொண்டு சொன்னீர்கள். அதைக் கேட்டபோது உங்கள் மேல் மதிப்பு கூடியது, கூடவே எனக்குக் குற்ற உணர்ச்சியும் வந்தது. உங்களுக்கு நான் பட்ட கடனை இன்றைக்குத் தீர்க்கிறேன்.

வேலையைப் பற்றி முன்பே பேசியிருக்கிறோம், மறுபடியும் தெளிவாகச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் பள்ளி வேலையை விடமாட்டேன். ஓசூர்ப் பக்கம் மாறுதல் கேட்க எனக்குச் சம்மதம், ஆனால் அது கலந்தாய்வைப் பொறுத்தது, உடனே கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அம்மாவால் தனியாகப் புழு பார்க்க முடியாது. கூடு அறுவடை சமயத்தில் நான் வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று நேரில் கேட்பேன், யோசித்து வையுங்கள்.

படத்தைப் பார்த்த பிறகு உங்கள் மனம் மாறினால் அதை நேராக எழுதிவிடுங்கள். காய்ச்சல், ஓவர்டைம் என்று காரணம் சொல்ல வேண்டாம். எனக்கு வலிக்கும்தான், அது என் பாடு. ஆனால் வந்து உட்கார்ந்து, பேச்சுக்கு நடுவில் உங்கள் கண் என் வாய்ப் பக்கம் போய்ப் போய்த் திரும்புவதைப் பார்க்கும் வலி எனக்கு வேண்டாம்.

வருவதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை 10:30 மணிக்குக் கிருஷ்ணகிரி புதிய பேருந்து நிலையம். நீங்கள் ஓசூரில் 9 மணிக்கு ஏறினாலே போதும். கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, ரயில் நேரம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அங்கிருந்து அணைப் பூங்காவுக்குப் போய்விடலாம். என் சித்தி மகளும் கூட வருகிறாள். தனியாக வர எனக்குத் தயக்கம் இருக்கிறது, நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். அவள் நம்மை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். மதியம் அணைக்கு வெளியே மீன் வறுவல் சாப்பிடலாம். கேழ்வரகுக் களி எப்படி இருக்கும் என்று ஆறு மாதமாகக் கேட்கிறீர்கள், அதனால் ஒரு உருண்டையும் கீரைக் கடைசலும் தூக்குச்சட்டியில் எடுத்து வருகிறேன். மென்று தின்னாதீர்கள், கிள்ளித் தொட்டு அப்படியே விழுங்க வேண்டும்.

இந்த முறை புழு வெள்ளிக்கிழமையே கூடு கட்ட ஏறிவிடும், அதனால் ஞாயிறு எனக்கு வேலை இல்லை. இன்றைக்கு இருக்கிறது. அம்மா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார், ராத்திரி இலை போட வேண்டும். போய் வருகிறேன்.

கலைவாணி